பில் கூடிப்போச்சா? திருத்தக் கடிதம் எழுதச் சில குறிப்புகள்

வீட்டிலிருந்தே பலகாரம், ஊறுகாய், பொடி வகை விற்பவர்களுக்கு அதிரசம் பிரிந்துபோனால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தர ஆள் உண்டு. வாடிக்கையாளரிடம் கூடுதலாகப் பணம் வாங்கிவிட்டால் என்ன எழுதுவது என்று யாரும் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் பலகாரம் அத்தை கைவேலை, பில்லும் கடிதமும் என் வேலை. ஆகவே கீழே வரும் தப்பும் என்னுடையதுதான்.

நடந்தது இது. காரைக்குடிப் பக்கமிருந்து கோயம்புத்தூருக்கு ஒரு வளைகாப்பு ஆர்டர். தேன்குழல் 3 கிலோ, சீப்புச் சீடை 2 கிலோ, மாவுருண்டை 1 கிலோ, அதிரசம் 50. பார்சல் செலவு சேர்த்து 3,840 ரூபாய் வாங்கியிருக்க வேண்டும். நான் 4,780 ரூபாய்க்கு பில் போட்டு, அவர்களும் கேள்வி கேட்காமல் கட்டிவிட்டார்கள். விசேஷம் 5ஆம் தேதி. அன்று ராத்திரி டப்பாக்களை எடை போட்டுச் சரக்கு நோட்டில் ஏற்றும்போது தேன்குழல் 2 கிலோ கூடுதலாக நின்றது. விற்ற கணக்குப்படி இருக்கக் கூடாத 2 கிலோ. அதைப் பிடித்துக்கொண்டு போனதில்தான் பில் எண் 214 கையில் வந்தது.

1. தப்பு பில்லிலா, பார்சலிலா என்று முதலில் பாருங்கள்.

இரண்டுக்கும் எழுத வேண்டிய கடிதம் வேறு வேறு. அவர் 5 கிலோ கேட்டு நாம் 3 கிலோ மட்டும் அனுப்பியிருந்தால் அது சரக்குக் குறை. விசேஷ வீட்டில் பந்தியில் பலகாரம் போதாமல் போயிருக்கும். அதற்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் ஆகாது. 3 கிலோ கேட்டு, 3 கிலோ போய், பில்லில் மட்டும் 5 என்று இருந்தால் அது வெறும் கணக்குத் தப்பு.

இதைத் தெரிந்துகொள்ள வாடிக்கையாளரிடம் "எத்தனை கிலோ வந்தது?" என்று கேட்கத் தேவையில்லை. கூரியர் ரசீதில் எடை இருக்கும். எங்கள் ரசீதில் 8 கிலோ 500 கிராம். தேன்குழல், சீடை, மாவுருண்டை மூன்றும் சேர்ந்து 6 கிலோ. அத்தை தட்டும் அதிரசம் ஒன்று சுமார் 35 கிராம், 50க்கு 1 கிலோ 750. அட்டைப்பெட்டியும் டப்பாவும் முக்கால் கிலோ. கூட்டினால் எட்டரை. தேன்குழல் 5 கிலோ போயிருந்தால் பத்தரையைத் தொட்டிருக்கும். ஆக பார்சல் சரி, பில்தான் தப்பு. கூரியர் ரசீதைப் பார்சல் போய்ச் சேர்ந்ததும் கிழித்துப் போடுகிறவர்கள் ஒரு மாதமாவது பில்லோடு பின் அடித்து வையுங்கள்.

ஆர்டர் நோட்டையும் வாட்ஸ்அப்பையும் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பாருங்கள். ஒரு தப்பு கிடைத்த கையோடு நிறுத்திவிடாதீர்கள். தேன்குழலைக் கண்டுபிடித்த நிம்மதியில் நான் பில்லை மூடப் போனேன். அத்தைதான் "மத்த வரியையும் பாத்துடு" என்றார்கள். அதிரசம் ஒன்றுக்கு 18 ரூபாய் என்று பேசியிருந்தோம், பில்லில் 20 இருந்தது. முதல் தப்புக்கு ஒரு கடிதம், நாலு நாள் கழித்து இரண்டாவது தப்புக்கு இன்னொரு கடிதம் என்று போனால், மூன்றாவது எப்போது வரும் என்றுதான் அவர் நினைப்பார்.

2. கடிதத்துக்கு முன் ஒரு போன்.

தப்பை நாமே கண்டுபிடித்திருந்தாலும், அவரே கண்டுபிடித்துச் சொல்லியிருந்தாலும், முதலில் குரல் போகட்டும். விசேஷத்தன்று கூப்பிட வேண்டாம். அன்றைக்குப் பலகாரக்காரர் எண்ணிலிருந்து போன் வந்தால் என்னவோ ஏதோ என்று பதறுவார்கள். மறுநாள் காலை பத்து மணி வாக்கில் நல்ல நேரம்.

பேச்சு நீள வேண்டாம். நான் பேசியது இவ்வளவுதான்: "அம்மா, வணக்கங்க. பலகாரம் அனுப்பினோமே, காரைக்குடியிலருந்து பேசறேன். பலகாரத்துல ஒண்ணும் குறையில்லங்க. பில்லுல நான் தொள்ளாயிரத்து நாப்பது ரூபா கூடப் போட்டு வாங்கிட்டேன். திருப்பி அனுப்பணும். பாக்கிப் பணம் உங்க மகன் போன்லருந்து வந்திருக்கு. அதுக்கே அனுப்பட்டுங்களா?"

"பலகாரத்தில் குறையில்லை" என்பதை முன்னால் சொன்னதற்குக் காரணம் உண்டு. தின்பண்டம் விற்பவர் விற்ற பிறகு கூப்பிட்டு "ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று ஆரம்பித்தால், கேட்பவருக்கு வயிறுதான் முதலில் கலங்கும். அந்த அம்மா, "அப்படிங்களா, நான் பில்லையே பாக்கலீங்க" என்றார். பெரும்பாலான வாடிக்கையாளர்கள் பார்ப்பதில்லை. இவர் கவனிக்கவில்லையே என்று விட்டுவிட்டால், என்றைக்காவது பழைய பில்லும் புது பில்லும் ஒரே மேசையில் கிடக்கும்போது கவனிப்பார். அன்றைக்கு நாம் எழுதும் கடிதத்துக்கு மதிப்பிருக்காது.

3. பணம் எந்த வழியில் வந்ததோ அந்த வழியிலேயே போகட்டும்.

எங்கள் கேஸில் முன்பணம் 1,000 ரூபாய் அந்த அம்மாவின் போனிலிருந்து வந்தது. பாக்கி 3,780 ரூபாயை பெங்களூரில் இருக்கும் மகன் போட்டார். கூடுதல் தொகை பாக்கியில்தான் வந்தது, அதனால் மகனுக்குத்தான் போக வேண்டும். ஆர்டர் கொடுத்தவர் என்று அம்மாவுக்கு அனுப்பியிருந்தால், அது அவர்கள் வீட்டுக் கணக்கில் ஒரு குழப்பத்தை நாமே உண்டாக்கியதாகும். கடிதம் ஆர்டர் கொடுத்தவருக்கு, பணம் கட்டியவருக்கு.

இதில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. "உங்களுக்குப் பணம் திருப்பித் தரணும்" என்று சொல்லிக்கொண்டு லிங்க் அனுப்பி, கியூஆர் கோடு அனுப்பி, பின் நம்பரைப் போடச் சொல்லிப் பணத்தைச் சுருட்டும் மோசடி ஊரெல்லாம் நடக்கிறது. நம் போனும் அவர்கள் காதில் அப்படித்தான் விழலாம். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை, அனுப்புவதற்குத்தான் தேவை. ஆகவே வாடிக்கையாளரிடம் லிங்க், கியூஆர், ஓடிபி என்று எதையும் கொண்டுபோகாதீர்கள். பாக்கிப் பணம் வந்த வரவையே திறந்து, அந்தக் கணக்குக்கே அனுப்புங்கள். திரையில் வரும் பெயர் சரியா என்று போனில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். குறிப்பு எழுதும் இடத்தில் "பில் 214 திருத்தம்" என்று போடுங்கள். பணம் போனதும் திரையில் வரும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணை எழுதி வையுங்கள். வங்கியில் தேட வேண்டி வந்தால் அவர்கள் கேட்பது அந்த எண்ணைத்தான்.

கார்டில் கட்டியிருந்தால் கதை வேறு. பணம் அதே கார்டுக்குத்தான் திரும்பும், அவர் கணக்கில் தெரியச் சில வேலைநாள் பிடிக்கும். அப்போது கடிதத்தில் "அனுப்பிவிட்டோம்" என்பதோடு நிற்காமல், நாம் எந்தத் தேதியில் அனுப்பினோம் என்பதையும் அவருக்கு வந்து சேரச் சில நாள் ஆகும் என்பதையும் பிரித்து எழுதுங்கள். "இன்றே வந்துவிடும்" என்று எழுதி, நாளைக்கும் வராவிட்டால் அதற்கு இன்னொரு மன்னிப்பு எழுத வேண்டியிருக்கும்.

4. பணம் போன பிறகே கடிதம்.

"விரைவில் திருப்பித் தருகிறோம்" என்ற கடிதம் வெறும் வாக்கு. "இன்று காலை திருப்பிவிட்டோம், எண் இது" என்றால் விஷயம் முடிந்தது. முன்னதை எழுதினால் அவர் காத்திருக்க வேண்டும், மறந்துபோனால் நினைவுபடுத்த வேண்டும். நம் தப்புக்கு அவரை வேலை வாங்குவது போல.

"அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்கிறோம்" என்பதும் வேண்டாம். அடுத்த ஆர்டர் கொடுத்தால்தான் உன் பணம் உனக்கு என்று அதற்கு அர்த்தம். அவராகவே "இருக்கட்டும், தீபாவளிக்குப் பாத்துக்கலாம்" என்றால் சரி. அப்போதும் அந்தத் தொகையை ஆர்டர் நோட்டில் அவர் பெயரில் முன்பணமாக அன்றைக்கே வரவு வைத்து, கடிதத்தில் அதைச் சொல்லிவிடுங்கள்.

5. "நடந்துவிட்டது" வேண்டாம், "செய்துவிட்டோம்" வேண்டும்.

தமிழில் தப்பை ஆளில்லாமல் சொல்ல வசதி அதிகம். "தவறு நேர்ந்துவிட்டது", "பில்லில் பிழை ஏற்பட்டுள்ளது" என்று எழுதினால், தப்பு தானாக நடந்துவந்து பில்லில் உட்கார்ந்துகொண்டது போல இருக்கும். "நாங்கள் 940 ரூபாய் அதிகமாக வாங்கிவிட்டோம்" என்று எழுதுங்கள். எழுவாய் நாம், பயனிலை வாங்கியது. அந்த ஒரு வாக்கியத்திலேயே ஒப்புக்கொள்வது முடிந்துவிடுகிறது.

"தவறு இருப்பின் மன்னிக்கவும்" என்பது அதைவிட மோசம். இருப்பின் என்ன, கையில் கணக்கு இருக்கிறதே. "சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்பது குழி தோண்டிய ரோட்டில் வைக்கும் பலகைக்கு உரியது. மன்னிப்பு ஒரே ஒரு முறை, தனி வாக்கியமாக வரட்டும். மூன்று இடத்தில் மன்னிப்புக் கேட்டால் படிப்பவர் "பரவாயில்லை, பரவாயில்லை" என்று நம்மைத் தேற்ற வேண்டியதாகிவிடும்.

6. காரணம் இரண்டு வரி போதும், ஆனால் உண்மையான காரணமாக இருக்கட்டும்.

எங்கள் தேன்குழல் தப்புக்குக் காரணம் இது. அந்த அம்மா 27ஆம் தேதி போனில் 5 கிலோ என்றார், மறுநாள் வாட்ஸ்அப்பில் 3 போதும் என்று மாற்றினார். அடுப்படியில் மாட்டியிருக்கும் நோட்டில் அத்தை அடித்துத் திருத்திவிட்டார்கள், அதனால் பார்சல் சரியாகப் போனது. நான் பில் போட்டது முதல்நாள் எழுதிய துண்டுச்சீட்டைப் பார்த்து. அதிரசத் தப்புக்குக் காரணம் வேறு. 1ஆம் தேதி விலைப்பட்டியலை மாற்றினோம். ஆர்டர் வாங்கியது அதற்கு முன், பில் போட்டது அதற்குப் பின்.

இதையெல்லாம் கடிதத்தில் கதையாக எழுதக் கூடாது. "நீங்கள் மாற்றிச் சொன்னதால்" என்ற தொனி வந்துவிடும், பழி அவர் தலையில் ஏறிவிடும். ஆர்டரை மாற்றுவது வாடிக்கையாளர் உரிமை. அதைக் குறித்துக்கொள்ள வேண்டியது நாம். கணினி, விசேஷ நெருக்கடி, புதிதாக வந்த பெண் என்று யார் மேலும் போடவும் வேண்டாம். அவர் பில்லை வாங்கியது நம்மிடம்.

7. கணக்கைப் பிரித்துக் காட்டுங்கள்.

கடிதத்தின் முக்கியமான பகுதி இதுதான். "அதிகமாக வாங்கிய 940 ரூபாய்" என்று மொத்தத்தை மட்டும் எழுதினால், அது சரியான தொகைதானா என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஏற்கெனவே ஒரு முறை கணக்கில் தப்பியவர்கள் நாம். பழைய பில்லைக் கையில் வைத்துக்கொண்டு அவரே ஒரு நிமிடத்தில் சரிபார்க்கும்படி இருக்க வேண்டும். தப்பான வரிகளை மட்டும் காட்டி, அனுப்பியது எவ்வளவு, பில்லில் இருந்தது எவ்வளவு, வித்தியாசம் எவ்வளவு என்று எழுதுங்கள். கடைசியில் சரியான மொத்தம், அவர் கட்டிய மொத்தம், திருப்பியது என்று மூன்றும் வரட்டும். சரியாக இருந்த சீடையையும் மாவுருண்டையையும் கடிதத்தில் இழுக்க வேண்டாம், அவை திருத்திய பில்லில் இருக்கும்.

நாங்கள் அனுப்பிய கடிதம் முழுதாக இதோ. அளவு மாற்றி நீங்களும் எழுதிக்கொள்ளலாம்.

"மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். 3ஆம் தேதி உங்களுக்கு அனுப்பிய பலகாரத்துக்கு, பில் எண் 214இல், நாங்கள் 940 ரூபாய் அதிகமாக வாங்கிவிட்டோம். அந்தத் தொகையை இன்று, 6ஆம் தேதி, காலை 10.20 மணிக்கு, பாக்கிப் பணம் வந்த உங்கள் மகனின் கணக்குக்கே யுபிஐ வழியாகத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். பரிவர்த்தனை எண் இந்தக் கடிதத்தின் அடியில் இருக்கிறது.

கணக்கு:
தேன்குழல்: அனுப்பியது 3 கிலோ, பில்லில் போட்டது 5 கிலோ. அதிகம் 2 கிலோ, கிலோ 420 வீதம் 840 ரூபாய்.
அதிரசம்: பேசிய விலை 18, பில்லில் போட்டது 20. 50 அதிரசத்துக்கு 2 ரூபாய் வீதம் 100 ரூபாய்.
சரியான பில் தொகை 3,840. நீங்கள் கட்டியது முன்பணம் 1,000, பாக்கி 3,780, ஆக 4,780. திருப்பியது 940.

கடைசியாக உறுதிசெய்த ஆர்டரைப் பார்க்காமல் பழைய குறிப்பைப் பார்த்து பில் போட்டதும், உங்களிடம் பேசிய விலைக்குப் பதில் புது விலையைப் போட்டதும் எங்கள் தப்பு. மன்னித்துக்கொள்ளுங்கள்.

திருத்திய பில் இத்துடன் இருக்கிறது. பழைய பில்லைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. 8ஆம் தேதிக்குள் பணம் கணக்கில் தெரியாவிட்டால் இந்த எண்ணுக்கே கூப்பிடுங்கள், வங்கியில் நாங்கள் விசாரிக்கிறோம்.

இப்படிக்கு,"

கீழே பெயர், போன் எண், பரிவர்த்தனை எண். அவ்வளவுதான். அடுத்த மாதச் சலுகையையும் புது வகை முறுக்கையும் இந்தத் தாளில் சொல்லக் கூடாது. எங்கள் வீட்டில் ஒருவர் "பின்குறிப்பா கார்த்திகைப் பொரி பத்தி ஒரு வரி" என்று ஆரம்பித்தார். பேனாவை வாங்கி வைத்துவிட்டேன்.

8. பேசிய விலைதான் விலை.

அதிரசத்துக்கு 100 ரூபாயைத் திருப்ப வேண்டுமா, விலை உண்மையிலேயே ஏறிவிட்டதே என்று வீட்டில் ஒரு வாதம் வந்தது. வெல்லம் விலை ஏறியது நிஜம். ஆனால் ஆர்டர் வாங்கும்போது 18 என்று ஒத்துக்கொண்டோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இதைத் தெளிவாகவே சொல்கிறது. இரு தரப்பும் ஒத்துக்கொண்ட விலையைவிடவும், மாட்டி வைத்த விலைப்பட்டியலைவிடவும், பொட்டலத்தில் அச்சிட்ட விலையைவிடவும் அதிகம் வாங்கினால், வாடிக்கையாளர் அதன் மேல் புகார் கொடுக்கலாம். வீட்டு வியாபாரம்தானே என்று விலக்கு கிடையாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு ஒரு போன் போதும், விஷயம் வெளியே போய்விடும்.

சட்டத்துக்குப் பயந்துதான் திருப்பினோம் என்று கடிதத்தில் தெரியக் கூடாது என்பதும் உண்மை. ஆகவே சட்டத்தின் பெயரைக் கடிதத்தில் எழுதாதீர்கள். நமக்குள் வாதம் வரும்போது முடித்துவைக்க அது போதும்.

9. பழைய பில்லை அடித்துத் திருத்தாதீர்கள்.

பில் புத்தகத்தில் 5ஐ 3 ஆக்கி, மேலே ஒரு கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து அனுப்புவது பலர் பழக்கம். அது கூடாது. அவர் கையில் ஒரு 214, நம் கையில் வேறொரு 214 என்று ஒரே எண்ணில் இரண்டு கணக்கு ஆகிவிடும்.

ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர்கள் அடுத்த எண்ணில் புது பில் போட்டு, அதில் "பில் எண் 214க்குப் பதிலாக" என்று எழுதுங்கள். பழைய பில்லின் நகலில் "ரத்து, பில் எண் 221 பார்க்க" என்று குறுக்கே எழுதிப் புத்தகத்திலேயே விட்டுவையுங்கள், கிழிக்க வேண்டாம். தின்பண்டம் விற்பவர்கள் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணைத் திருத்திய பில்லிலும் போட வேண்டும். அவசரத்தில் வெறும் தாளில் எழுதும்போது அது விட்டுப்போகும்.

ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்களுக்கு வழி வேறு. அங்கே பழைய பில் அப்படியே நிற்கும். கூடுதலாகப் போட்ட தொகைக்கும் அதன் மேல் வாங்கிய வரிக்கும் கிரெடிட் நோட் என்று தனித்தாள் போட வேண்டும். அதற்குத் தனி எண், தேதி, பழைய பில்லின் எண், தேதி, குறைக்கும் மதிப்பு, வரி எல்லாம் இருக்க வேண்டும். வாடிக்கையாளருக்குத் திருப்பும் தொகையில் அந்த வரியும் அடங்கும். சரக்கின் விலையை மட்டும் திருப்பி, அதற்கு வாங்கிய வரியைத் திருப்ப மறப்பது இதில் வழக்கமான தப்பு. அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30க்குள், அல்லது ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யும் நாளுக்குள், எது முந்தியோ அதற்குள் கிரெடிட் நோட் கணக்கில் வந்துவிட வேண்டும். ஆடிட்டரிடம் அந்த மாதமே கொடுத்துவிடுவது நல்லது.

பதிவே இல்லாமல் பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு வரி சேர்த்து வாங்கியிருந்தால் அது கணக்குத் தப்போடு நிற்காது. பதிவில்லாதவர் வரி வசூலிக்கவே கூடாது. அங்கே முதலில் ஆடிட்டரைப் பாருங்கள், கடிதம் பிறகு.

10. பரிகாரமாக ஏதாவது கொடுக்கலாமா?

திருப்பிய 940 ரூபாய் அவர் பணம். அதைத் திருப்பியதைப் பரிகாரம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அவர் நேரம் போயிருக்கிறது, பணம் மூன்று நாள் நம்மிடம் கிடந்திருக்கிறது. அதற்கு நம் கையிலிருந்து ஏதாவது கொடுப்பது நல்லதுதான். ஆனால் இரண்டையும் கலக்காதீர்கள். பணம் தனி, அன்பளிப்பு தனி. 940க்குப் பதிலாகத் தேன்குழல் அனுப்புகிறோம் என்று நாமாகச் சொல்வது சரியில்லை. வளைகாப்பு முடிந்த வீட்டில் இன்னும் 2 கிலோ தேன்குழலை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்?

அன்பளிப்பு சிறியதாக, உடனே கைக்கு வருவதாக, எந்த நிபந்தனையும் இல்லாததாக இருக்கட்டும். "அடுத்த ஆர்டரில் பத்து சதவீதம்" என்பது மறுபடி வாங்கத் தூண்டுவது, அன்பளிப்பு ஆகாது. நாங்கள் கடிதத்தின் தாள் பிரதியோடு கால் கிலோ பருப்புப் பொடி வைத்துக் கூரியர் செலவையும் எங்கள் கணக்கில் போட்டு அனுப்பினோம். தப்பு பத்து இருபது ரூபாய்தான் என்றால் அன்பளிப்பே வேண்டாம். அதற்குக் கால் கிலோ பொடி அனுப்பினால், இன்னும் ஏதோ பெரிதாக மறைக்கிறார்கள் என்று தோன்றும்.

11. அதே தப்பு வேறு யாருக்குப் போயிருக்கிறது?

துண்டுச்சீட்டுத் தப்பு அந்த ஒரு பில்லோடு போயிற்று. விலைப்பட்டியல் தப்பு அப்படியல்ல. 1ஆம் தேதிக்கு முன் ஆர்டர் வாங்கி, பின்னால் பில் போட்ட எல்லோருக்கும் அது போயிருக்கும். அப்படி 11 பில் இருந்தன. எடுத்துப் பார்த்ததில் இன்னும் இரண்டு பேருக்கு அதிரசத்தில் கூடியிருந்தது. ஒருவருக்கு 40 ரூபாய், ஒருவருக்கு 60. இருவருக்கும் நாலு வரியில் வாட்ஸ்அப், உடனே பணம். தனிக்கடிதம் எழுதவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதும்போது அவரவர் எண்ணுக்கே எழுதுங்கள். வாடிக்கையாளர்களை எல்லாம் சேர்த்து வைத்திருக்கும் குரூப்பில் "சிலருக்கு பில் கூடியிருக்கிறது" என்று போட்டால், எல்லோரும் பழைய பில்லைத் தேட ஆரம்பிப்பார்கள்.

இப்போது ஆர்டர் நோட்டில் ஒரு பத்தி கூட்டியிருக்கிறோம்: பேசிய விலை. பில் போடும்போது விலைப்பட்டியலைப் பார்ப்பதில்லை, அந்தப் பத்தியைப் பார்க்கிறோம். துண்டுச்சீட்டில் எழுதுவதையும் விட்டுவிட்டோம். அடுப்படி நோட்டு ஒன்றுதான்.

12. குறைத்துப் போட்டுவிட்டால்?

தலைகீழாகவும் நடக்கும். 3 கிலோவுக்கு 2 என்று போட்டு, பணமும் வாங்கிய பிறகு கண்டுபிடிப்போம். அப்போது எழுதும் கடிதத்தில் மன்னிப்பு முன்னால் வர வேண்டும், கேட்பது பின்னால். பணம் கட்டி நாள் கடந்த பிறகு மறுபடி கேட்பதால் அதுவும் அவருக்குத் தொந்தரவுதான். என் வழக்கம் இது. சரக்கு இன்னும் கிளம்பவில்லை என்றால் பார்சலை நிறுத்தி, போன் செய்து, சரியான பில்லைச் சொல்லிவிடுவேன். அவர் வேண்டாம் என்றால் அளவைக் குறைத்துக்கொள்ளலாம். சரக்கு போய்ச் சேர்ந்து, விசேஷமும் முடிந்துவிட்டால் சிறிய தொகைக்கு வாய் திறப்பதில்லை. பெரிய தொகையாக இருந்தால் கணக்கைப் பிரித்துக் காட்டி, "இது எங்கள் தப்பு. உங்களால் முடியும்போது அனுப்புங்கள்" என்று ஒரே ஒரு முறை எழுதுவேன். நினைவுபடுத்தி இரண்டாவது கடிதம் எழுதுவதில்லை.

கோயம்புத்தூர் அம்மாவிடமிருந்து அன்று சாயங்காலம் வாட்ஸ்அப்பில் பதில் வந்தது. பணம் வந்துவிட்டது என்று ஒரு வரி. அதற்குக் கீழே, அதிரசத்தில் வெல்லம் கொஞ்சம் தூக்கல், ஏலக்காய் போதவில்லை என்று மூன்று வரி. அத்தையிடம் படித்துக் காட்டினேன். மறுமொழி சொல்லாமல் ஏலக்காய் டப்பாவைத் திறந்து பார்த்தார்கள்.